நைட் ஷிப்ட் எந்தத் தேதிக்குச் சேரும்? மஸ்டரில் காணாமல் போன என் ஒரு ராத்திரி

மில்லில் நைட் பார்க்கிறவர்கள், அதுவும் வாராவாரம் ஷிப்ட் மாறுகிறவர்கள், சம்பளச் சீட்டைக் கையில் வாங்கினதும் நாள்களை எண்ணாதீர்கள். ராத்திரிகளை எண்ணுங்கள். நான் நாள்களை எண்ணிவிட்டு, சரியாக இருக்கிறது என்று சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டவன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பல்லடத்திலிருந்து உடுமலை போகிற வழியில் ஒரு நூல் மில்லில், நூல் நூற்கிற ரிங் பிரேம் மெஷினில் ஒரு சைடு பார்க்கிறேன். மில் பெயர் வேண்டாம். காலை 6 முதல் 2, மதியம் 2 முதல் 10, இரவு 10 முதல் காலை 6 என்று மூன்று ஷிப்ட். மூன்று வாரத்துக்கு ஒருமுறை நைட் வரும். ஞாயிறு காலை 6 மணிக்கு மில் நிற்கும், திங்கள் காலை ஓடத் தொடங்கும்.

2025 ஆகஸ்ட் 11, திங்கட்கிழமை முதல் எங்கள் பேட்சுக்கு நைட். அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஆகஸ்ட் 15. வியாழன் ராத்திரி வழக்கம்போல வேலைக்குப் போனோம், வெள்ளி காலை 6 மணிக்கு மெஷினை நிறுத்திவிட்டு வந்தோம். காலை ஷிப்டும் மதிய ஷிப்டும் விடுமுறை. ஆனால் வெள்ளி ராத்திரி 10 மணிக்கு மில் ஓடும் என்று போர்டில் போட்டிருந்தார்கள். மேஸ்திரியிடம் கேட்டோம். "கொடியேத்தி முட்டாயும் குடுத்தாச்சுங்க, ராத்திரி பத்துக்கு மேல என்னங்க சுதந்திர தினம்?" என்றார். சிரித்துக்கொண்டே போனோம். சனி ராத்திரியும் பார்த்து, ஞாயிறு காலை வேன் ஏறினோம். திங்கள் முதல் சனி வரை ஆறு ராத்திரி. ஒன்றுகூட விடவில்லை.

செப்டம்பர் 5 அன்று சம்பளச் சீட்டு வந்தது. அந்த வாரத்தில் 11, 12, 13, 14 தேதிகளுக்கு ஆஜர். 15-க்கு நேரே தேசிய விடுமுறை, சம்பளம் உண்டு. 16-க்கு ஆஜர். 17 ஞாயிறு வார விடுமுறை. ஆக மொத்தம் ஆறு நாள் சம்பளம். பார்த்தால் என்ன அழகான கணக்கு! விடுமுறை வருகிற எந்த வாரத்தைப் பார்த்தாலும் மஸ்டர் என்கிற வருகைப் பதிவேடு இப்படித்தானே இருக்கும்.

இரண்டு நாள் கழித்து, டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோதுதான் பொறி தட்டியது. நான் வேலை பார்த்தது ஆறு ராத்திரி. சீட்டில் ஆஜர் என்று இருப்பது ஐந்து. ஆறாவது இடத்தில் உட்கார்ந்திருப்பது விடுமுறைச் சம்பளம். அது நான் வீட்டில் படுத்திருந்தாலும் வரவேண்டிய காசு. அப்படியென்றால் என்னுடைய ஒரு ராத்திரி எங்கே போனது?

டைம் ஆபீசில் போய்க் கேட்டேன். அங்கே இருந்த தம்பி நல்ல பையன்தான், கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். விரல் வைக்கிற மெஷினிலிருந்து வந்த பதிவு இப்படி இருந்தது:

```
14-08   06:04   21:52
15-08   06:07   21:50
16-08   06:05   21:54
17-08   06:06
```

இதை ஒரு நிமிஷம் உற்றுப் பாருங்கள். மெஷினுக்கு ராத்திரி 12 மணியோடு நாள் முடிந்துவிடுகிறது. ஒரு தேதியின் முதல் பதிவை உள்ளே வந்த நேரமாகவும், கடைசிப் பதிவை வெளியே போன நேரமாகவும் எடுத்துக்கொள்கிறது. அதன் கணக்கில் நான் 15-ந் தேதி காலை 6:07-க்கு உள்ளே வந்து இரவு 9:50-க்கு வெளியே போயிருக்கிறேன். அதாவது நான் வீட்டில் குறட்டை விட்ட நேரம் முழுக்க வேலை நேரம். வேலை பார்த்த எட்டு மணி நேரமும் இரண்டு வரிக்கு நடுவில் விழுந்துவிட்டது. நைட் ஷிப்டுக்கு வெளியேறும் பதிவை மறுநாள் காலையில் தேடு என்று சாப்ட்வேரில் முதலிலேயே சொல்லி வைத்திருக்க வேண்டும். எங்கள் மில்லில் வைக்கவில்லை. அதனால் நைட் பேட்சுக்கு மட்டும் ஒவ்வொரு வரியையும் ஆள் உட்கார்ந்து கையால் திருத்துகிறார்கள். திருத்துகிற இடத்தில்தான் வித்தை நடக்கிறது.

"வியாழக்கிழமை நைட் எந்தத் தேதி, தம்பி?"

"பதினாலுங்கண்ணா. ஷிப்ட் ஆரம்பிச்ச தேதிதான் கணக்கு."

"அப்ப வெள்ளிக்கிழமை நைட்?"

"அது பதினாறுங்கண்ணா. எட்டு மணி நேரத்துல ஆறு மணி நேரம் பதினாறாந் தேதிலதானுங்களே வருது."

"அதே கணக்கப் பாத்தா வியாழக்கிழமை நைட்டு பதினைஞ்சில்ல தம்பி?"

அவன் பதில் சொல்லவில்லை. மேலே கையைக் காட்டினான்.

இதுதான் இந்தப் பதிவின் சங்கதி. தொடங்கிய தேதி கணக்கு என்றால் 15 ராத்திரி பார்த்தது 15-ல் விழும். முடிந்த தேதி கணக்கு, அல்லது அதிக மணி நேரம் எந்தத் தேதியில் விழுகிறதோ அது கணக்கு என்றால், 14 ராத்திரி பார்த்தது 15-ல் விழும். எந்த விதியை எடுத்தாலும் இரண்டில் ஒன்று 15-ல் விழுந்தே ஆகவேண்டும். இரண்டும் விழாமல் தப்பிக்க ஒரே வழிதான். ஒரே வாரத்தில் இரண்டு விதியையும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். எங்களுக்கு வியாழன் வரை தொடங்கிய தேதி, வெள்ளியன்று மட்டும் முடிந்த தேதி. அப்படிப் போட்டதில் வெள்ளி ராத்திரி 16-க்குப் போய் உட்கார்ந்துகொண்டது. சனி ராத்திரிக்கு இடமில்லை. 16 ஏற்கெனவே நிரம்பிவிட்டது, 17-ல் போட்டால் வார விடுமுறையில் வேலை வாங்கியது போல ஆகிவிடும். அதனால் அதை எங்கேயும் போடவில்லை.

சட்டம் இதில் குழப்பமே வைக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எங்கள் ஊரில் யூனியனில் இருந்து ரிட்டயர் ஆன ஒரு பெரியவர் எடுத்துக் காட்டினார். அப்போது நடப்பில் இருந்த 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டம், 57-வது பிரிவு. நள்ளிரவைத் தாண்டிப் போகிற ஷிப்டில், 12 மணிக்குப் பிறகு பார்த்த நேரத்தை முந்தின நாளோடு சேர்த்து எண்ண வேண்டும். ஷிப்ட் முடிந்த நேரத்திலிருந்து வருகிற 24 மணி நேரம்தான் அந்தத் தொழிலாளிக்கு மறுநாள். 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த, 2020-ல் இயற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்பிலும் இதே விதி இருக்கிறது. ஆக வியாழன் ராத்திரி 14. டைம் ஆபீஸ் தம்பி முதலில் சொன்னது சரிதான். வெள்ளி ராத்திரி 15. அது விடுமுறை நாள் வேலை.

விடுமுறை நாளில் வேலை வாங்கினால் என்ன தரவேண்டும் என்பதற்கும் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது, 1958-ல் வந்தது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நான்கும், அவற்றோடு ஐந்து பண்டிகை நாள்களும் சம்பளத்தோடு விடுமுறை. அன்று வேலை செய்தால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் சம்பள விடுமுறை. எது வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது தொழிலாளி, மில் அல்ல. என் நாள் சம்பளம் 580 ரூபாய். அந்த வாரத்துக்கு எனக்கு வரவேண்டியது ஏழு நாள் சம்பளம், வந்தது ஆறு. 580 ரூபாய்தானே என்று தோன்றும். நைட் பேட்சில் நாங்கள் 30 பேர். அதையும் பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் டீக்கடையில் விழித்துக்கொண்டேன் என்றேனே, அது செப்டம்பர் 7, ஞாயிறு காலை. மறுபடி ஒரு நைட் வாரம் முடித்த கையோடு உட்கார்ந்திருந்தேன். அன்று மதியம் மேஸ்திரியிடமிருந்து போன். அவசர ஆர்டராம், அன்று ராத்திரி 10 மணிக்கே மில் ஓடுதாம். திங்கள் மதியம் 2 மணி ஷிப்டுக்கும் வழக்கம்போல வரவேண்டும். "இன்னைக்கு லீவுங்களே" என்றேன். "ஞாயித்துக்கிழமை பகலெல்லாம் லீவு குடுத்தாச்சுங்களே, ராத்திரி பத்து மணி ஷிப்ட் திங்கக்கிழமை கணக்குங்க" என்றார்.

அப்போது எனக்கு 57-வது பிரிவெல்லாம் தெரியாது. ஆனால் அன்று காலைதான் விரல் விட்டு எண்ணியிருந்ததால் வாயில் வந்தது. "ஞாயிறு ராத்திரி திங்கக்கிழமைன்னா, நாங்க பாத்துட்டு வந்த சனிக்கிழமை ராத்திரி ஞாயித்துக்கிழமையாயிடுச்சுங்களே. அப்ப எனக்கு லீவு எங்கீங்க?" அவர் சரி பார்க்கலாம் என்று வைத்துவிட்டார். நான் போகவில்லை. பேட்சில் பாதிப் பேர் போனார்கள்.

வார விடுமுறை விஷயத்தில் அந்தப் பிரிவு இன்னும் தெளிவு. நைட் பார்த்தவனுக்கு ஒரு முழு நாள் விடுமுறை என்றால் ஷிப்ட் முடிந்த நிமிஷத்திலிருந்து தொடர்ந்து 24 மணி நேரம். எங்களுக்கு ஞாயிறு காலை 6 முதல் திங்கள் காலை 6 வரை. ராத்திரி 10 மணிக்குக் கூப்பிட்டால் 16 மணி நேரம்தான் ஆகிறது. அந்தப் பதினாறில் பாதி தூக்கத்துக்கே போய்விடும். நைட் பார்க்கிறவன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு வாசம் தூக்கத்தில்தான் வரும்.

மறுநாள்தான் டைம் ஆபீசுக்குப் போனேன். அதற்கு அப்புறம் பெரியவர் சொன்னபடி, பர்சனல் ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதினோம். சண்டை எதுவும் போடவில்லை. ஒரு பக்கம்தான். ஒவ்வொரு ராத்திரிக்கும் உள்ளே போன தேதியும் நேரமும், வெளியே வந்த தேதியும் நேரமும். கீழே ஒரே கேள்வி: இந்த ஆறு ஷிப்டுக்கும் மஸ்டரில் எந்தெந்தத் தேதி என்று எழுதித் தாருங்கள். 15-ந் தேதிக்கு இரட்டைச் சம்பளம் கொடு என்று நாங்கள் கேட்கவே இல்லை. ஆறு ஷிப்டுக்கு ஆறு தேதி எழுத உட்கார்ந்தால் 15-ஐ எழுதாமல் முடியாது என்று அவர்களுக்கே புரிந்துவிடும். நகல் ஒன்று தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அலுவலகத்துக்கு என்று அடியில் ஒரு வரி சேர்த்தோம். 30 பேரில் 19 பேர் கையெழுத்துப் போட்டார்கள். கையெழுத்துப் போட்டவர்களுக்கு அடுத்த மாதச் சீட்டில் "அரியர்" என்று 580 ரூபாய் வந்தது. போடாதவர்களுக்கு வரவில்லை. எதற்கான அரியர் என்று எங்கேயும் எழுதவில்லை.

என் தப்பும் ஒன்று இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். மாசக் கடைசியில் மஸ்டரில் கையெழுத்துக் கேட்பார்கள். காலை 6 மணிக்கு, வேன் ஹாரன் அடிக்கிற நேரத்தில். ஐந்து வருஷமாகப் படிக்காமலே போட்டிருக்கிறேன். இதற்கு முன் எத்தனை ராத்திரி போனதோ, கண்டுபிடிக்க வழியில்லை. இப்போது டிபன் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். 14/15, 15/16 என்று இரண்டு தேதியும் போட்டுத்தான் எழுதுகிறேன். லீவு லெட்டரிலும் அப்படியே, "15-ந் தேதி இரவு 10 மணி முதல் 16-ந் தேதி காலை 6 மணி வரையிலான ஒரு ஷிப்ட்". வெறுமனே 15-ந் தேதி லீவு என்று எழுதிக் கொடுத்த பக்கத்து சைடுக்காரருக்கு, 14 ராத்திரியும் போச்சு 15 ராத்திரியும் போச்சு என்று இரண்டு நாள் பிடித்திருக்கிறார்கள்.

அக்டோபர் 2 வியாழக்கிழமை, அந்த வாரம் வேறு பேட்சுக்கு நைட். நவம்பரில் சீட்டு வந்ததும் அவர்களில் ஒருவரை வேனில் பிடித்துக் கேட்டேன், இந்தத் தடவை 2-ந் தேதி ஒழுங்காக வந்ததா என்று. சீட்டை எடுத்துக் காட்டினார். 2-ந் தேதிக்கு இரட்டைச் சம்பளம் இருந்தது. அதற்கு மேல் வரியில், 1-ந் தேதிக்கு நேரே, "வெளியேறும் பதிவு இல்லை, அரை நாள்" என்று போட்டிருந்தது.