கனமூலம்: கடைசி இலக்கமா, அண்ணளவாக்கமா?

வெள்ளவத்தையில் என்னிடம் கணிதம் படிக்கும் மாணவி ஒருத்தி 50743 இன் கனமூலம் 37 என்று ஒரே மூச்சில் எழுதினாள். கடைசி இலக்கம் 3 என்பதால் மூலம் 7 இல் முடியும். முன்னே நிற்கும் 50, 27க்கும் 64க்கும் இடையில் இருப்பதால் பத்துகளின் இலக்கம் 3. வழி சரி, விடை பிழை: 37 இன் கனம் 50653.

கடைசி இலக்க முறை, எண் நிறைகனம் என்று முன்பே தெரிந்தால் மட்டுமே செல்லும். மூலத்தைக் கனமாக்கும்போது கடைசி இலக்கங்களில் 2உம் 8உம், 3உம் 7உம் இடம் மாறும், மற்றவை மாறா. ஆகவே எந்த இலக்கத்திலும் கனம் முடியலாம் என்பதால், வர்க்கங்களில் போல இங்கே கடைசி இலக்கத்தைக் கண்டு எதையும் விலக்க முடியாது. நிறைகனத்தை 9 ஆல் வகுத்தால் மீதி 0, 1 அல்லது 8 ஆகும் என்ற சோதனை பலவற்றைப் பிடிக்கும். ஆனால் 50743 இன் மீதியும் 1 என்பதால் அதுவும் தப்பிவிடுகிறது. பெருக்கிப் பார்ப்பதே உறுதி.

அண்ணளவாக்கத்துக்கு அந்த நிபந்தனை தேவையில்லை. வித்தியாசம் 90 ஐ, 37 இன் வர்க்கத்தின் மும்மடங்கான 4107 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.02 வரும், விடை 37.02. வித்தியாசம் பெரிதானால் இது சற்றுக் கூடுதலாகக் காட்டும்: 54000க்கு 37 இலிருந்து தொடங்கினால் 37.81, அருகிலுள்ள 38 இலிருந்து கீழிறங்கினால் சரியான 37.80. பரீட்சையில் ‘நிறைகனம்’ என்ற சொல் வினாவில் இல்லாவிட்டால், நான் அண்ணளவாக்கத்தையே எடுப்பேன்.