பவர் பிரஸ் விபத்து அறிக்கை: ஒரே பத்தியா, டிக் படிவமா, மூன்று தாளா?

பெங்களூரு பீன்யாவின் தகடு அடிக்கும் பட்டறைகளுக்கு ஒரு மாதிரி விபத்தை எடுத்துக்கொள்வோம். சாவி கிளட்சும் கால் பெடலும் உள்ள 50 டன் பவர் பிரஸ். டைக்குள் இருந்து பீஸை எடுக்கும்போது ஆப்பரேட்டரின் வலது ஆள்காட்டி விரல் நுனி நசுங்கியது. “பெடல மிதிக்கல, ராம் தானா இன்னொரு தடவை இறங்கிடுச்சு” என்கிறார் அவர்.

சூப்பர்வைசர் ஒரே பத்தியாக எழுதினால் பெரும்பாலும் இப்படி வரும்: “ஆப்பரேட்டர் கவனக்குறைவாகப் பெடலை மிதித்து, டைக்குள் கை வைத்ததால் விபத்து.” பத்து நிமிடத்தில் முடியும் வேலை. ஆனால் பெடலை மிதித்ததை யாரும் பார்க்கவில்லை. கவனக்குறைவு என்பது தீர்ப்பு. அந்த வரியில் உறுதியானது கை டைக்குள் இருந்தது ஒன்றுதான்.

டிக் படிவத்தில் நேரம், இயந்திர எண், சிகிச்சை எதுவும் விடுபடாது; அது நல்லதுதான். சிக்கல் ‘பாதுகாப்பற்ற செயல்’, ‘பாதுகாப்பற்ற நிலை’ என்ற இரண்டு கட்டங்களில் இருக்கிறது. முதல் நாளே ஒன்றில் டிக் போட வேண்டும். ‘செயல்’ என்று போட்டால் அடுத்த கட்டத்தில் ‘மறுபயிற்சி’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். கிளட்சை யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள்.

மூன்றாவது முறையில் பார்த்தது, சொன்னது, ஊகித்தது என்று தனித்தனித் தாள்கள். நாங்கள் பரிந்துரைப்பது இதைத்தான்.

முதல் தாளில் கண்ணால் கண்டதும் அளந்ததும் மட்டும். மெயின் சுவிட்சை அணைத்து, ஃப்ளைவீல் முழுதாக நின்றபின் படம் எடுக்க வேண்டும். விரலை விடுவிக்க ராமை நகர்த்தியிருந்தால், நகர்த்தியவர் யார், எந்தப் பக்கம் சுற்றினார் என்பதையும் எழுத வேண்டும். “கார்டைக் கழற்றியிருந்தார்” என்று எழுதக் கூடாது. “கார்டு பிரஸ்ஸில் இல்லை, சுவரோரம் கிடந்தது, மேலே தூசி இருந்தது” என்பதோடு நிறுத்த வேண்டும். பல நாளாகக் கிடந்தது என்பது ஊகம்; அது மூன்றாம் தாளுக்குப் போகும்.

கார்டு விஷயத்தில் இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. கார்டு கொடுக்கப்பட்டிருந்தும் தொழிலாளி தெரிந்தே அதை அகற்றினார் என்று காட்டினால், ஈஎஸ்ஐயில் வராத தொழிலாளிக்கு இழப்பீட்டையே மறுக்க இடம் தரும் விலக்கு 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்திலிருந்தே வருகிறது. மரணமும் நிரந்தர முழு ஊனமும் மட்டும் அதற்குள் வராது. விரல் நுனிக் காயம் வரும்.

இரண்டாம் தாளில் வாக்குமூலங்கள். ஆப்பரேட்டர் தமிழில் சொன்னதைத் தமிழிலேயே, அவர் வார்த்தையில் எழுதி, படித்துக்காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும். கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ சுருக்கம் வேண்டுமென்றால் பின்னால் இணைக்கலாம். ஹெல்பர் “நான் திரும்பி நின்னேன், சத்தம் ரெண்டு தடவை கேட்டுச்சு” என்றால், திரும்பி நின்றதும் சேர்ந்தே பதிவாக வேண்டும்.

மூன்றாம் தாளில்தான் காரணம். சாவி கிளட்ச் ஒருமுறை பிடித்துவிட்டால் ராம் முழுச் சுற்று முடியும்வரை நிற்காது. ராம் மேலே வந்ததும் சாவியைத் தாழ் விடுவிக்க வேண்டும். தாழின் ஸ்பிரிங் உடைந்தாலோ விளிம்பு தேய்ந்தாலோ சாவி விடுபடாது. பெடலில் கால் இல்லாமலே ராம் மறுபடி இறங்கும். பிட்டர் கிளட்சைத் திறந்தபோது ஸ்பிரிங் உடைந்திருந்தது என்று வைத்துக்கொள்வோம். (யார், எப்போது திறந்தார், உடைந்த துண்டு எந்தப் பையில் இருக்கிறது என்பது முதல் தாளில் சேர வேண்டிய செய்தி.) இதோடு ஆப்பரேட்டர் சொன்னது நிரூபணமாகிவிட்டதா? இல்லை. இரண்டு சத்தமும், பீஸ் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாகக் காட்டும் கவுன்டரும், ராம் இரண்டு முறை இறங்கியதைத்தான் சொல்கின்றன. பெடலை இரண்டு முறை மிதித்தாலும் அப்படித்தான் காட்டும். ஸ்பிரிங் உடைந்த முகம் எண்ணெய்க் கறுப்போடோ துருவோடோ இருந்தால் விரிசல் பழையது. பளபளப்பாக இருந்தால் உடைவு புதியது, விபத்தின்போதோ அதற்குப் பிறகோ நேர்ந்ததாகவும் இருக்கலாம்.

ஆகவே மூன்றாம் தாளின் வரி இப்படி அமையும்: “கிளட்ச் தானாக மறுசுற்று எடுத்திருக்கக்கூடும். ஆதாரம்: முதல் தாளில் வரி 4, 7; இரண்டாம் தாளில் வரி 2. எதிராக: பெடலுக்கு மேல்மூடி இல்லை, தவறுதலாகக் கால் படவும் வழி உண்டு.” இதற்குத் தனித் தேதி, தனிக் கையெழுத்து. முதல் தாளை அன்றைக்கே முடித்துவிட்டால், ஈஎஸ்ஐ விபத்து அறிக்கையை அதைப் பார்த்தே நிரப்பலாம். காரணம் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம்.

மூன்று தாள் முறைக்கு அரைநாள் போகும். தீர்ப்பு இதிலும் நுழையும்: ‘உரிய’, ‘தெரிந்தும்’, ‘வழக்கம்போல்’ ஆகிய சொற்கள் முதல் தாளில் இருந்தால் அடித்துவிட வேண்டும். கட்டுப் போட்டுக்கொண்டு அதே ஷிஃப்டில் வேலைக்குத் திரும்பும் கீறலுக்கு டிக் படிவமே போதும். ஆனால் பிரஸ் தானாக மறுமுறை இறங்கியிருந்தால், யாருக்கும் காயம் படாவிட்டாலும் முதல் தாளை எழுதி, கிளட்சைத் திறந்து பார்க்கும்வரை அந்த பிரஸ்ஸைப் பூட்டிவைக்க வேண்டும்.