சரிவில் புல்வேலி வரிசைகளின் இடைவெளி: செங்குத்து இடைவெளியா, மண் இழப்பு இலக்கா?

மண் அரிப்பைத் தடுக்க வெட்டிவேர் போன்ற புல்வேலிகளைச் சமமட்டக் கோட்டில் நடும்போது, இரு வரிசைகளுக்கு இடையே நிலம் எவ்வளவு உயரம் இறங்குகிறது என்பதை முதலில் முடிவு செய்வது எளிய வழி. 20 சதவீதச் சரிவில் 2 மீட்டர் செங்குத்து இடைவெளி வைத்தால், 2-ஐ 0.20-ஆல் வகுக்க, கிடைமட்ட இடைவெளி 10 மீட்டர் என வரும். மட்டக்குழாய் ஒன்றே போதும். ஆனால் இக்கணக்கு மழையையோ மண்ணையோ பயிரையோ பார்ப்பதில்லை.

ஆண்டு மண் அரிப்பைக் கணிக்கும் மண் இழப்புச் சமன்பாடு அவற்றைப் பார்க்கிறது. அதில் 5 சதவீதமும் அதற்கு மேலுமான சரிவுகளில், ஹெக்டேர் இழப்பு சரிவு நீளத்தின், அதாவது இங்கு வரிசை இடைவெளியின், வர்க்கமூலத்தை ஒட்டி மாறுகிறது. அதே நிலத்தில் 10 மீட்டர் இடைவெளிக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 15 டன் இழப்பு கணிக்கப்பட்டு, இலக்கு 10 டன் எனக் கொள்வோம். இழப்பு மூன்றில் இரண்டாகக் குறைய, நீளம் ஒன்பதில் நான்காக, அதாவது ஏறத்தாழ 4.4 மீட்டராகச் சுருங்க வேண்டும். அரை மீட்டர் அகல வேலிகள் முன்பு 5 சதவீத நிலத்தை எடுத்தன; இப்போது 11 சதவீதத்துக்கு மேல் எடுக்கும். இந்த விலை எனக்கு அதிகமாகவே படுகிறது. மண் மூடப்படும்போது குறையும் பெருக்கியான பயிர் மறைப்புக் காரணியை மூடாக்கின் மூலம் மூன்றில் ஒரு பங்கு குறைத்தால், 10 மீட்டரிலேயே அதே இலக்கை எட்டலாம்.

ஆகவே செங்குத்து இடைவெளியை மேல் வரம்பாக வைத்து, இலக்கைக் கொண்டு சரிபார்ப்பதே தகும். வேலியில் விழுந்த சந்து வழியே நீர் குவிந்து பாய்வதைச் சமன்பாடு காட்டாது. வேலி அடர்ந்திருந்தும் வரிசைகளின் நடுவே சிற்றோடைத் தடங்கள் தோன்றினால், வரிசை இடைவெளி மிக அதிகம் என்று கொள்ளலாம்.