டெஸ்டிமோனியல் வாங்க மூன்று வழிகள்: நான் எதில் நின்றேன்

நான் இணையதளம் வடிவமைத்துக் கொடுப்பவன். வேலை பிடித்துப்போன வாடிக்கையாளரிடம், தளத்தில் போட எழுத்தில் நாலு வரி பாராட்டு வாங்க மூன்று வழிகளையும் பார்த்துவிட்டேன்.

முதலாவது, "நேரம் கிடைக்கும்போது எழுதிக் கொடுங்கள்" என்று கேட்பது. "கண்டிப்பா" என்பார்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் அது தள்ளிக்கொண்டே போகும். வந்தாலும் "நல்ல சேவை, நன்றி" என்பதோடு முடிந்துவிடும்.

இரண்டாவது, நாமே எழுதி அனுப்பி ஒப்புதல் மட்டும் வாங்குவது. வேகம் இதில்தான் அதிகம். ஆனால் நான் அப்படி வாங்கிய மூன்றையும் ஒரே பக்கத்தில் போட்டதும், மூன்றும் என் குரலிலேயே பேசுவது தெரிந்தது. எடுத்துவிட்டேன்.

இப்போது நான் செய்வது மூன்றாவது: சிறு கேள்வியும் சில குறிப்புகளும் அனுப்புவது. வாடிக்கையாளர் தானாகப் பாராட்டிய அன்றே இப்படி எழுதுகிறேன்: "நீங்கள் சொன்னதையே மூன்று நான்கு வரியில் எழுதித் தர முடியுமா? முன்பு எது சிரமமாக இருந்தது, இப்போது என்ன மாறியிருக்கிறது? நினைவுக்காகச் சில குறிப்புகள் கீழே. வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள்."

இந்த வழி பலிப்பதும் கெடுவதும் அந்தக் குறிப்புகளில்தான். தொடக்கத்தில் ஒருவருக்கு "வேகம், நேர்த்தி, பொறுமை" என்று அனுப்பினேன். "வேகமாக, நேர்த்தியாக, பொறுமையாகச் செய்தார்" என்று திரும்பி வந்தது. பாராட்டை நானே அவர் வாயில் போட்டிருந்தேன்.

அடுத்து, ஒரு பல் மருத்துவருக்கு முன்பதிவுப் பக்கம் செய்தபோது நடந்தவற்றை மட்டும் குறிப்பாகக் கொடுத்தேன்: முன்பு முன்பதிவு போனில் மட்டும் இருந்தது, தேதி மாற்றும் வசதியை நடுவில் சேர்த்தோம், வரவேற்பில் இருப்பவருக்கு ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தேன். அவர் முதல் இரண்டையும் தொடவே இல்லை. "வரவேற்பில் இருக்கும் பெண் இப்போது போனைக் காதில் வைத்துக்கொண்டே நோயாளியிடம் பேசுவதில்லை, முகம் பார்த்துப் பேசுகிறாள்" என்று எழுதியிருந்தார். அது எனக்குத் தோன்றியிருக்கவே தோன்றியிருக்காது.

அன்றிலிருந்து இதைத்தான் அளவாக வைத்திருக்கிறேன். நான் கொடுக்காத ஒரு விவரமாவது பதிலில் இருந்தால் குறிப்பு சரி. என் சொற்களே என் வரிசையிலேயே திரும்பி வந்தால் அளவுக்கு மீறிக் கொடுத்துவிட்டேன் என்று அர்த்தம். அப்போது "இதனால் உங்கள் அன்றாட வேலையில் எது குறைந்தது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பேன். பெரும்பாலும் அந்தப் பதிலே போதும்.

அப்புறம், எழுத்துப்பிழை தவிர எதையும் நான் மாற்றுவதில்லை. சுருக்கினால், சுருக்கிய வடிவத்தைக் காட்டி, பெயரோடு வெளியிடலாமா என்று எழுத்திலேயே கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வார்த்தை வெளியே போகவும் நாலு பேர் ஒப்புதல் தேவைப்படும் பெரிய நிறுவனங்களோடு எனக்குப் பழக்கம் குறைவு. அங்கே, எழுதிக் கொடுக்கும் இரண்டாவது வழிதான் நடக்கும் என்று தோன்றுகிறது.