வெள்ளிக்கிழமை போன் போனால் திங்கட்கிழமை பேச்சு தப்புமா?

செல்வியும் மதனும் திங்கள் காலையிலிருந்து வெள்ளி மாலை வரை 60 செய்திகள் பேசிக்கொள்கிறார்கள். சர்வர் பக்கம் கை வைக்கக்கூடிய ஒருவன் அந்த அறுபதையும் பூட்டிய நிலையிலேயே படியெடுத்துச் சேர்த்து வைக்கிறான். அன்றைக்கு அவனால் ஒரு வரிகூடப் படிக்க முடியாது. வெள்ளி இரவு மதனின் போன் ஒரு மணி நேரம் அவன் கையில் சிக்குகிறது. உள்ளே இருப்பதை முழுசாக நகல் எடுத்துக்கொள்கிறான். செய்திகள் தானாக அழியும்படி இருவரும் வைத்திருந்ததால், போனில் பழைய பேச்சு எதுவும் இல்லை. சாவிகள் மட்டும்தான் மிச்சம். அவற்றை வைத்து எத்தனை செய்திகளைத் திறப்பான்?

சிக்னல், டெலிகிராமின் ரகசிய அரட்டை, எலிமென்ட் போன்ற ஆப்களில் ஓடும் மேட்ரிக்ஸ் மூன்றும் முனைக்கு முனை பூட்டுபவைதான். ஆனால் இந்தக் கேள்விக்கு மூன்றும் ஒரே பதில் சொல்லாது.

முதலில் சிக்னல். ட்ரெவர் பெரினும் மாக்ஸி மார்லின்ஸ்பைக்கும் 2013-இல் வடிவமைத்த 'டபுள் ராட்செட்' இதன் அடிப்படை. வாட்ஸ்ஆப்பின் தனி அரட்டையிலும் 2016 முதல் இதுவே ஓடுகிறது. மெக்கானிக் கையிலிருக்கும் ராட்செட் ஸ்பேனர் மாதிரி, சாவி ஒரு பக்கம்தான் திரும்பும். ஒவ்வொரு செய்திக்கும் நடக்கும் வேலை இவ்வளவே:

```
MK(n)   = HMAC-SHA256(CK(n), 0x01)
CK(n+1) = HMAC-SHA256(CK(n), 0x02)
```

CK என்பது சங்கிலிச் சாவி, MK என்பது அந்த ஒரு செய்திக்கான சாவி. HMAC-SHA256 என்பது விடையிலிருந்து பின்னோக்கிப் போக முடியாத ஒருவழிக் கணக்கு. செய்தியைப் பிரித்ததும் MK அழிக்கப்படும். அடுத்த CK வந்ததும் பழைய CK-யும் அழிக்கப்படும். 40-ஆவது சாவியை வைத்துக்கொண்டு 39-ஐக் கணக்கிட வழியில்லை. கறந்த பால் மடிக்குத் திரும்பாது. ஆக, மதனின் போனில் கிடைக்கும் சங்கிலிச் சாவி இனி வரப்போகும் செய்திக்குத்தான் உதவும், வந்து முடிந்த எதற்கும் உதவாது.

அந்த 'இனி வரப்போகும்' பிரச்சினைக்குத்தான் இரண்டாவது ராட்செட். பேச்சு கை மாறும்போதெல்லாம், பதில் அனுப்புபவரின் போன் டிஃபி-ஹெல்மன் என்ற சாவிப் பரிமாற்ற முறைப்படி புதிதாக ஒரு சாவி ஜோடியை உருவாக்கிச் சங்கிலியையே புதிதாகத் தொடங்குகிறது. திருடன் நகல் மட்டும் எடுத்திருந்தால், இருவரும் ஒரு சுற்று பேசி முடித்ததும் அவன் வெளியே. போனுக்குள் உளவு நிரலை வைத்துவிட்டுப் போயிருந்தால் இதெல்லாம் பலிக்காது. 2004-இல் வந்த ஓடிஆர் என்ற பழைய அரட்டைப் பூட்டு முறையில் இந்த இரண்டாவது வகை மட்டுமே இருந்தது. ஒருவர் பதிலுக்குக் காத்திராமல் முப்பது செய்தி தட்டிவிட்டால், அத்தனைக்கும் ஒரே சாவி.

அப்படியானால் சிக்னலில் அறுபதுக்குப் பூஜ்ஜியமா? முழுசாக அப்படிச் சொல்ல மாட்டேன். வெள்ளி மதியம் செல்வி 55 முதல் 58 வரை மடமடவென்று அனுப்புகிறார். சர்வர் பக்கம் இருப்பவன் 56-ஐ மட்டும் வேண்டுமென்றே பிடித்து வைக்கிறான். 57 வந்ததும் மதனின் போன் சங்கிலியை 56 வழியாக உருட்டித்தான் ஆக வேண்டும். 56 தாமதமாக வந்தாலும் வரலாமே என்று அதன் சாவியைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்கிறது. இரவு போன் சிக்கும்போது அந்தச் சாவியும் சேர்ந்து போகிறது. அறுபதில் ஒன்று.

வடிவமைத்தவர்கள் தங்கள் ஆவணத்திலேயே எச்சரித்த ஓட்டை இது. சிக்னலின் நிரல் தொகுப்பு ஒரு சங்கிலிக்கு இப்படி 2,000 சாவிகள் வரை எடுத்து வைக்கும். ஆனால் எதிராளியின் கடைசி ஐந்து சங்கிலிகளை மட்டுமே நினைவில் கொள்ளும். பேச்சு மாறி மாறி நடந்தால் பழைய சங்கிலிகளோடு அந்தச் சாவிகளும் உதிர்ந்துவிடும். திங்களன்று பிடித்து வைத்த செய்திக்கு வெள்ளியன்று சாவி இருக்க வாய்ப்பு குறைவு. வெளியிலிருந்து இதைக் கண்டுபிடிக்க ஒரே அடையாளம், செல்வியின் திரையில் 56-க்கு மட்டும் இரண்டாவது டிக் விழாது.

டெலிகிராமுக்கு வருவோம். வழக்கமான டெலிகிராம் அரட்டை முனைக்கு முனை பூட்டப்பட்டதே அல்ல என்பதால் அதை விட்டுவிடலாம். ரகசிய அரட்டையில், ஒரு சாவி 100 செய்திகளைத் தாண்டினாலோ ஒரு வாரத்தைக் கடந்தாலோதான் புதுச் சாவி பேசி முடிக்கப்படுகிறது. நம் கணக்கில் திங்கள் காலையில் புதுச் சாவி வந்தது என்று வைத்தால், வெள்ளி வரை 60 செய்தி, ஐந்து நாள். இரண்டு எல்லையும் தொடப்படவில்லை. சாவி அப்படியே போனில் இருக்கிறது. அறுபதும் திறக்கும். திங்களுக்கு முன்பே அதே சாவியில் 70 செய்தி போயிருந்தால், நடுவழியில் சாவி மாறி, முதல் முப்பது சொச்சம் தப்பும். பாதுகாப்பு இருக்கிறது, ஆனால் பல் ரொம்ப அகலம்.

எனக்கு மிகவும் சுவாரசியமாகப் படுவது மூன்றாவது: மேட்ரிக்ஸின் 'மெகோல்ம்' பூட்டு முறை. இதிலும் ராட்செட் இருக்கிறது, ஒவ்வொரு செய்திக்கும் ஒரு பல் நகர்கிறது, கணிதத்தில் குறையில்லை. ஆனால் மதனின் ஆப் தனக்கு முதலில் கிடைத்த பல்லின் மதிப்பை வழக்கமாக அழிப்பதில்லை. அதை வைத்துக்கொண்டால் அங்கிருந்து முன்னோக்கி எந்தச் செய்தியையும் மறுபடி பிரிக்கலாம். செல்வி அனுப்பிய முதல் செய்திக்கான மதிப்பு போனில் இருந்தால், திருடன் அங்கிருந்து ஒவ்வொன்றாகச் சுற்றிக்கொண்டே வரலாம். மதன் அனுப்பியவற்றுக்கான முதல் மதிப்பின் நகலும் அவர் போனிலேயே இருக்கும். இங்கேயும் அறுபது.

இது கவனக்குறைவு அல்ல, தெரிந்தே செய்தது. மெகோல்ம் பெரிய குழுக்களுக்காக எழுதப்பட்டது. புதுச் சாதனத்தில் நுழைந்தாலும் ஆறு மாதம் முந்தைய விவாதம் படிக்கக் கிடைக்க வேண்டும் என்று அலுவலகக் குழுக்கள் எதிர்பார்க்கும். பழையதைப் படிக்கும் வசதியும் பழையதைப் படிக்க முடியாத பாதுகாப்பும் ஒரே போனில் குடியிருக்க முடியாது. வாட்ஸ்ஆப் குழுக்கள் இதே சிக்கலில் வேறு பக்கம் சாய்ந்தன. அங்கே ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு சங்கிலி, அது நகர நகரப் பழையது அழிகிறது. அதனால் பழைய செய்தி தப்பும். ஆனால் அந்தச் சங்கிலியைத் திருடியவன், யாராவது குழுவை விட்டு வெளியேறிச் சாவி மாறும்வரை புதிய செய்திகளைத் தொடர்ந்து படிக்கலாம். தனி அரட்டையில் ஒரு சுற்றுப் பேச்சிலேயே கிடைக்கும் அந்த ஆறுதல் இங்கே இல்லை.

என் தேர்வைக் கேட்டால், இருவர் மட்டும் பேசும் பேச்சுக்குச் சிக்னல், அதுவும் செய்தி மறையும் நேரத்தை முடிந்தவரை குறைத்து வைத்து. அந்த நேரத்தை வைக்காவிட்டால் மேலே போட்ட கணக்கெல்லாம் வீண். திருடனுக்குச் சாவியே தேவைப்படாது, அரட்டையைத் திறந்து மேலே தள்ளிப் படித்துவிடுவான். அலுவலகக் குழுவுக்கு மெகோல்ம் போதும் என்றே நினைக்கிறேன், பழைய பதிவுகள் அங்கே தேவைதானே.

உங்கள் ஆப் எந்த ரகம் என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு: புது போனில் நுழைந்ததும் பழைய பேச்சு வருகிறதா என்று பாருங்கள். போன வருடம் என் பழைய போன் தண்ணீரில் விழுந்து செத்தது. புது போனில் அலுவலக அரட்டை ஆப்பைப் போட்டு ஒரு கடவுச்சொல்லைத் தட்டினேன். செத்த போன் மேசையில் கிடக்க, இரண்டு வருடப் பேச்சு வரிசையாக வந்து நின்றது. அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தக் கடவுச்சொல் எட்டு எழுத்து.