மாற்றாத ஹெட்டுக்கு 4,200 ரூபாய் கொடுத்தேன்

வீட்டில் இங்க் டேங்க் பிரிண்டர் வைத்திருப்பவர்கள், முக்கியமாகக் கோடை விடுமுறையில் அதைத் தொடாமல் விட்டவர்கள், இதைப் படித்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

நான் பள்ளி ஆசிரியை. கேள்வித்தாள், சார்ட் படம் எல்லாம் வீட்டிலேயே பிரிண்ட் எடுத்துவிடுவேன். ஏப்ரல் கடைசியில் மூடி வைத்த பிரிண்டரை ஜூன் மாதம் திறந்தேன். முதல் படத்தில் ஒரு மயில் வர வேண்டும். வந்தது சாம்பல் நிறத்தில் ஒரு கோழி. மேலே குறுக்கும் நெடுக்குமாக இல்லாமல், ஒரே சீராகப் படுக்கைவசத்தில் வெள்ளைக் கோடுகள். டேங்கைப் பார்த்தால் நான்கு நிறமும் முக்கால்வாசிக்கு மேல் இருக்கின்றன.

ஊரில் தெரிந்த ஒரு சர்வீஸ் கடைக்குப் போன் செய்தேன். ஒரு பையன் வந்தார். உட்கார்ந்ததும் Nozzle Check எடுத்தார். அது என்னவென்றால், மையைத் தாளில் தெளிக்கும் ஹெட்டில் உள்ள ஒவ்வொரு துளையாலும் பிரிண்டர் ஒரு சின்னக் கோடு போட்டுக் காட்டும் தாள். நிறத்துக்கு ஒரு கட்டமாக, படிக்கட்டு போல இருக்கும். எந்தத் துளை அடைத்திருக்கிறதோ அந்தப் படி மட்டும் விழாது. எனக்குக் கறுப்பும் மஞ்சளும் முழுசாக இருந்தன. சிவப்பில் ஒரு படி இல்லை. நீலத்தில் பாதிக்கு மேல் காணோம்.

அதுவரை சரி. அப்புறம் அவர், துளை வழியாக மையை உறிஞ்சி அடைப்பை எடுக்கும் ஹெட் கிளீனிங் போட்டார். முடிந்ததும் மறுபடி. மறுபடி. இருபது நிமிடத்துக்குள் ஆறு தடவை. ஆறாவது முடிந்து எடுத்த தாளில் நீலம் முன்பைவிட மோசமாக இருந்தது, நன்றாக இருந்த மஞ்சளிலும் இரண்டு படி போயிருந்தது. "பாருங்க மேடம், ஹெட் போயிடுச்சு. கிளீனிங்குக்கே கேக்கல" என்றார். கண்ணெதிரில் அத்தாட்சி காட்டுகிறாரே, நம்பாமல் என்ன செய்வது? பிரிண்டரைக் கடைக்கு எடுத்துப் போனார்கள். மூன்று நாள் கழித்து வந்தது. ஹெட் 4,200, அலைன்மென்ட் 300, மொத்தம் 4,500 ரூபாய். கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு. பழைய ஹெட் எங்கே என்று கேட்டதற்கு, "அது எக்ஸ்சேஞ்ச்ல போயிடும் மேடம்" என்றார்.

பத்து நாள் மயில் மயிலாகவே வந்தது. பதினோராவது நாள் மறுபடி கோடு.

இந்த முறை நானே Nozzle Check எடுத்தேன். நீலத்தில் மூன்று படி இல்லை. தற்செயலாக என் மகள் பழைய தாளின் பின்பக்கத்தில் யானை வரைந்து வைத்திருந்தாள். முதல் நாள் எடுத்த தாள் அது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இப்போது இல்லாத மூன்று படிகளும் அன்றைக்கும் இல்லாத படிகள், அதே வரிசை, அதே இடம். சிவப்பில் அந்த ஒற்றைப் படியும் அப்படியே. புது ஹெட்டிலும் அதே நான்கு துளைகள்தான் அடைக்கும் என்றால் அது அதிசயம். பழைய ஹெட்டையே கழுவி மாட்டியிருக்கிறார்கள்.

இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலாளி முதலில் சிரித்தார், அப்புறம் "ரீகண்டிஷன் ஹெட்டுங்க, அப்படித்தான் இருக்கும்" என்றார். துண்டுச் சீட்டில் அந்த வார்த்தை இல்லையே என்றேன். அரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு 1,500 திரும்பி வந்தது. மீதி போனது போனதுதான்.

அலைன்மென்டுக்கு வாங்கிய 300 இன்னும் எரிகிறது. அது பிரிண்டர் மெனுவிலேயே இருக்கிறது, ஒரு தாள் செலவு. அதோடு அது வேறு நோய்க்கான மருந்து. நேர்கோடு இரட்டையாக, நெளிந்து தெரிந்தால்தான் அலைன்மென்ட். நிறமே விழாத இடத்தை அது கொண்டுவராது. துளை அடைத்திருக்கும்போது அதைப் போட்டால், அந்தத் தாளில் விழும் கட்டங்களில் எது சரியானது என்று நமக்கே கண்டுபிடிக்க வராது. Nozzle Check முழுசாக வந்த பிறகுதான் அதைத் தொட வேண்டும். இன்னொன்று, அந்தத் தாள் முழுசாக இருந்தும் படம் வெளிறினால் ஹெட்டைக் குறை சொல்லாதீர்கள். டிராஃப்ட் மோடில் இருக்கும், அல்லது போட்டோ பேப்பரைத் திருப்பிப் போட்டிருப்பீர்கள்.

சரி, உண்மையில் என்ன கோளாறு? கையேட்டைத் தேடி எடுத்துப் படித்தேன். மூன்று தடவை கிளீனிங் போட்டும் தீரவில்லை என்றால், பிரிண்டரை அணைத்துக் குறைந்தது 12 மணி நேரம் சும்மா விடச் சொல்கிறது. காய்ந்த மை ஊற நேரம் வேண்டும். விடாமல் உறிஞ்சினால் ஹெட்டுக்குள் காற்றுக் குமிழி சேர்ந்து, நல்ல துளையும் நின்றுபோகும். என் மஞ்சள் அப்படித்தான் கெட்டது. காற்றா அடைப்பா என்று அடுத்தடுத்து இரண்டு தாள் எடுத்தாலே தெரியும். காணாமல் போன படி இடம் மாறினால் காற்று, அதே இடத்தில் நின்றால் காய்ந்த மை. உறிஞ்சிய மையும் எங்கேயும் திரும்பிப் போவதில்லை, பிரிண்டருக்குள் இருக்கும் பஞ்சில்தான் போய்ச் சேரும். அது நிறைந்தால் அதற்கு ஒரு செலவு.

என் பிரிண்டரில் ஹெட் வலது ஓரத்தில் போய் நிற்கும். அங்கே சின்ன ரப்பர் தொட்டி ஒன்று மேலே வந்து ஹெட்டை மூடிக்கொள்ளும். மை காயாமல் காப்பதும், கிளீனிங் சமயத்தில் மையை உறிஞ்சுவதும் அதுதான். டார்ச் அடித்துப் பார்த்தால் அதன் விளிம்பில் கறுப்பாக மை காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது, கூடவே ஒரு பேப்பர் நார். விளிம்பு ஒட்டாவிட்டால் காற்றைத்தான் உறிஞ்சும், எத்தனை கிளீனிங் போட்டால் என்ன?

பஞ்சு வராத துணியை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து விளிம்பைத் துடைத்தேன். குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்புப் படியும். தொட்டிக்குள் சில சொட்டு விட்டு ஒரு கிளீனிங் போட்டேன். தண்ணீர் இறங்கியது, பம்ப் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அப்படியே நின்றிருந்தால் பம்ப் அல்லது அதன் குழாய் அடைப்பு, அதற்கு மெக்கானிக்தான். மறுபடி சில சொட்டு விட்டு, ஹெட்டை அதன்மேல் நிறுத்தி, இரவு முழுக்க ஊறவிட்டேன். ஊசியில் தண்ணீர் அடிக்கும் வீடியோக்கள் நிறைய உண்டு. அழுத்தம் கொஞ்சம் கூடினால் ஹெட் நிஜமாகவே போய்விடும், நான் அதைத் தொடவில்லை.

காலையில் ஒரே ஒரு கிளீனிங். சிவப்பு முழுசாகிவிட்டது, நீலத்தில் ஒரு படி பாக்கி.

இத்தனைக்கும் காரணம் எங்கள் வீட்டுப் பழக்கமாகத்தான் இருக்க வேண்டும். தாள் வெளியே வந்த மறுநொடி என் மாமனார் கரண்ட் வீணாகிறது என்று சுவர் ஸ்விட்சை அணைத்துவிடுவார். ஹெட் தொட்டிக்குத் திரும்பும் முன்பே கரண்ட் போனால், அது திறந்தபடியே காயும். இப்போது ஸ்விட்ச் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: "முதலில் பிரிண்டர் பட்டன், விளக்கு அணைந்த பிறகு இது." வாரம் ஒரு கலர் தாளும் எடுத்துவிடுகிறேன்.

அந்தக் கடைசி நீலப் படி இன்னும் வரவில்லை. ஹை குவாலிட்டியில் போட்டால் ஹெட் ஒரே இடத்தில் பல தடவை ஓடுவதால் அந்த இடைவெளி மறைந்துவிடுகிறது. மயிலுக்கு அது போதும்.