பில் வந்ததும் யார் கை முதலில் நீளுகிறது?

பெங்களூருவில் டேட்டிங் ஆப் வழியாகப் பழகி நேரில் சந்தித்தவர்கள் ஐந்து பேர். ஐந்து முறையும், பில் மேஜைக்கு வந்ததும் அந்த அரை நிமிடச் சங்கடம் வந்தது. ஒருவரே கட்டுவது, பாதிப் பாதி, ஆளுக்கொரு முறை என மூன்றையும் பார்த்துவிட்டேன். என் ஓட்டு மூன்றாவதற்கு.

ஒருவரே கட்டுவதில் உள்ள சிக்கல் தெரிந்ததுதான். ஒருவருக்குச் செலவு, மற்றவருக்குக் கடன்பட்ட நினைப்பு. "நான்தான் கட்டுவேன்" என்று பிடிவாதம் பிடித்தால் ஆர்வம் என்று நினைத்திருந்தேன். கோரமங்களாவில் பில்லைத் தொடவே விடாமல் 2,300 ரூபாய் கட்டியவர் அப்புறம் ஒரு மெசேஜ்கூட அனுப்பவில்லை. அது அவர் வளர்ந்த வீட்டுப் பழக்கம், அவ்வளவுதான்.

பாதிப் பாதி நியாயமானது, ஆனால் ஊமை. இரண்டு பேரிடம் நான் பாதி கொடுத்தே தீருவேன் என்றேன். ஒருவரை எனக்குப் பிடிக்கவில்லை. இன்னொருவரைப் பிடித்திருந்தது, கடன் வைக்கத்தான் மனமில்லை. அவரோ 'விருப்பமில்லை போல' என்று ஒதுங்கிக்கொண்டார். இன்னொன்று, அவர் நம்பருக்கு யூபிஐயில் அனுப்பினால் நம் வங்கிக் கணக்குப் பெயர் அவருக்குத் தெரிந்துவிடும். ஆப்பில் சுருக்கப் பெயரோடு இருக்கும் பெண்கள் இதை யோசிப்பது நல்லது. பிரிப்பதென்றால் சர்வரிடமே சொல்லி, இருவரும் தனித்தனியாகக் கடையின் கியூஆரை ஸ்கேன் செய்யலாம்.

இப்போது பழகிக்கொண்டிருப்பவரை முதலில் சந்தித்தது சர்ச் ஸ்ட்ரீட்டில். சாப்பாடு 1,480, ஜிஎஸ்டி 74, மொத்தம் 1,554. அவர் போனை எடுத்ததும், "சரி, அடுத்த தடவை நான்" என்றேன். "அப்போ ஞாயித்துக்கிழமை காலைல மல்லேஸ்வரம், காபி உங்க செலவு" என்றார்.

அந்தப் பதிலைத்தான் கவனிக்க வேண்டும் என்பேன். கிழமையும் இடமும் சேர்ந்து வந்தால் ஆர்வம் இருக்கிறது. "பாக்கலாம்" என்று வந்தால், பெரும்பாலும் இல்லை. பணம் யார் கொடுத்தார் என்பதில் இவ்வளவு தெளிவு எனக்குக் கிடைத்ததே இல்லை.

ஞாயிறன்று நாங்கள் போனது தர்ஷினி என்னும் வகை சின்ன ஓட்டல். அங்கே முதலில் கவுன்ட்டரில் காசு கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும், பில்லுக்குக் காத்திருக்கும் சங்கடமே கிடையாது. இரண்டு வடை, இரண்டு காபி, 130 ரூபாய். அவர் இரண்டடி பின்னால் நின்று என்னைக் கட்டவிட்டார். 1,554க்கு 130 ஈடா என்று இருவருமே கேட்கவில்லை.

இரண்டாம் சந்திப்பே வேண்டாம் என்று தோன்றிவிட்டால் இந்த வழி உதவாது. "அடுத்த தடவை" என்று வாய்தவறிக்கூடச் சொல்லாமல் பாதியைக் கொடுத்துவிட்டு வருவதே மேல். சம்பள வித்தியாசம் அதிகம் உள்ள இருவருக்கு இது எப்படி ஒத்துவரும் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் போதாது. எங்கள் இருவர் சம்பளமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.